சலூன் நாற்காலியில் உட்காரும் முன்: பிளேடு, கருவிகள், கழுத்துப் பட்டையை வைத்துக் கடையின் சுத்தத்தை எடைபோடுவது எப்படி?

ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்களும், பர்கூரிலோ தர்மபுரியிலோ படிக்கச் சேர்ந்தவர்களும் முதல் மாதத்துக்குள் ஒரு சலூனைத் தேடியாக வேண்டும். ஊருக்குப் புதிது என்பதால் ஏசி, பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி இவற்றைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சுத்தத்தைப் பற்றி இவை ஒன்றுமே சொல்வதில்லை. தகரக் கூரை போட்ட ஒற்றை நாற்காலிக் கடை மிகச் சுத்தமாக இருக்கலாம். பளபளக்கும் கடையில் ஒரே பிளேடு நாலு பேர் கழுத்தைத் தொடலாம்.

பார்க்க வேண்டியது ஒரே ஒரு இடைவெளி: ஒருவர் எழுந்துபோய் அடுத்தவர் உட்காரும்வரை கடைக்காரரின் கை என்ன செய்கிறது? அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கடையின் வழக்கம் முழுவதும் தெரிந்துவிடும். அதனால் முதல் முறை போகும்போது காலியாக இருக்கிற கடையைவிட, ஒருவருக்கு வேலை நடந்துகொண்டிருக்கும் கடையே நல்லது. பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு முடியும்வரை பாருங்கள். பல கடைகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை கூட்டம் நெரியும். புதிதாகப் போகிறவர் புதன் அல்லது வியாழன் மாலை போனால் பார்க்கவும் நேரம் கிடைக்கும், கேட்கவும் நேரம் கிடைக்கும்.

கட்டிங் மட்டும்தானே என்று இருக்கக் கூடாது

"எனக்கு ஷேவிங் வேண்டாம், வெறும் கட்டிங்தான், அப்புறம் பிளேடு எங்கே வருது?" என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிங்கின் கடைசி வேலையே பிளேடுதான். கிருதாவை நேராக்க, காதைச் சுற்றி ஓரம் எடுக்க, பின்கழுத்தில் கோடு போட என்று மூன்று இடத்தில் கத்தி தோலைத் தொடும். அந்த நேரத்தில் உங்கள் தலை குனிந்திருக்கும், பின்கழுத்து உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் அங்கே நுரைகூடப் போடமாட்டார்கள், தண்ணீர் தெளித்து வழித்துவிடுவார்கள். நுரை இல்லாத தோலில் பிளேடு ஓடினால் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு விழும். ரத்தம் சொட்டாவிட்டாலும் தோலின் மேற்பரப்பு திறந்துவிட்டது என்றே அர்த்தம்.

இதில் உண்மையான ஆபத்து ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ், உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் சக்தியோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். எச்ஐவி பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் வெளியே வந்தபின் அது சீக்கிரம் வலுவிழந்துவிடும். பிளேடைப் பொறுத்தவரை முதலில் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-க்குத்தான்.

பிளேடு

நம் ஊர் சலூன்களில் இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதாரண பிளேடை, காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் மடக்கி 'டக்'கென்று இரண்டாக உடைப்பார்கள். ஒரு பாதி கத்தியின் பிடிக்குள் போகும். மறுபாதி அடுத்த ஆளுக்கு. இது சரியான முறைதான், மறுபாதியை யாருக்கும் பயன்படுத்தாதவரை அது புதிதுதான். சிக்கல் அந்த மறுபாதி எங்கே வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

நல்ல கடையில் மறுபாதி உறைக்குள்ளேயே இருக்கும், தனி டப்பாவில் இருக்கும். பயன்படுத்திய பாதி, மூடியில் கீறல் போட்ட தகர டப்பாவுக்குள்ளோ பிளாஸ்டிக் பாட்டிலுக்குள்ளோ விழும். கண்ணாடி முன்னால் உள்ள பலகையில் உறை இல்லாத பாதி பிளேடுகள் நாலைந்து சிதறிக் கிடந்தால், எது புதிது எது பழையது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஏமாற்றும் எண்ணமே இல்லாத நல்ல மனிதர்கூட அங்கே பழையதை எடுத்துவிடுவார். பழைய பிளேடு போட ஒரு இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லாத கடையில் மற்றதையெல்லாம் தேட வேண்டியதில்லை.

உங்கள் முறை வந்ததும் உறை கிழியும் சத்தமோ பிளேடு உடையும் சத்தமோ உங்கள் முன்னால் கேட்க வேண்டும். "இப்பத்தான் மாத்தினேன்" என்பது பதில் ஆகாது. கத்தி ஏற்கனவே பூட்டித் தயாராக இருந்தால் அதைத் திறந்து காட்டச் சொல்லலாம். புதிய பிளேடின் ஓரம் ஒரே சீரான வெள்ளிப் பளபளப்போடு இருக்கும், உறையில் ஒட்டியிருந்த மெழுகுப் பொட்டு சிலவற்றில் தெரியும். பழையதில் ஓரம் மங்கியிருக்கும், சோப்பு காய்ந்த வெள்ளைப் படலமும் துருவின் பழுப்பும் இருக்கும். முதல் இழுப்பிலேயே முடியைப் பிடித்து இழுத்தால், அல்லது அவர் ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை அழுத்தி வழித்தால், அந்தக் கூர் போய்விட்டது.

புதிய பிளேடு போட்டுவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பிளேடைக் கவ்வும் பிடியின் உதடுகளுக்கு நடுவே முந்தைய ஆளின் நுரையும் முடித்துணுக்கும் ரத்தமும் தங்கும். பிளேடை உருவியபின் பிடியைத் திறந்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உள்பக்கம் துடைத்து, பிறகு புதியதைச் செருக வேண்டும். பத்து வினாடி வேலை. இதைச் செய்கிறவர் மற்றதிலும் கவனமாக இருப்பார் என்று தாராளமாக நம்பலாம்.

மொட்டை போடும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒகேனக்கல்லிலோ, தீர்த்தமலையிலோ, குலதெய்வக் கோயிலிலோ குழந்தைக்கு முடி இறக்கும்போது தலை முழுவதும் பிளேடு ஓடுகிறது, குழந்தை அசையவும் செய்யும். திறக்காத பிளேடு பாக்கெட் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அடர்த்தியான பெரியவர் தலைக்குப் பாதி பிளேடு போதாது, நடுவில் கூர் மழுங்கும். மழுங்கியதும் மறுபாதியை மாற்றச் சொல்லுங்கள்.

கருவிகள்: ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

கத்தரி, சீப்பு, டிரிம்மர் மூன்றும் ஆளுக்கு ஆள் மாற்ற முடியாதவை, கழுவித்தான் பயன்படுத்த வேண்டும். கழுவுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் முடியையும் எண்ணெயையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துப் போக்க வேண்டும், அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கு மேலே இருக்கும்போது மருந்து அடியில் உள்ள கிருமியைத் தொடாது. அடுத்தது நேரம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ நீர்த்த பிளீச்சிலோ கருவி முழுவதும் மூழ்கி 10 நிமிடம் இருக்க வேண்டும். கடையில் விற்கும் 5 சதவீதத் திரவ பிளீச் என்றால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், மறுநாளுக்கு அதன் வீரியம் குறைந்துவிடும். பிளீச் இரும்பை அரிக்கும் என்பதால் கத்தரிக்கு ஸ்பிரிட்டும் சீப்புக்கு பிளீச்சும் என்று பிரித்து வைப்பது நல்ல பழக்கம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் இரண்டு நாற்காலி உள்ள ஒரு கடை, ஞாயிறு காலை பத்து மணி, பெஞ்சில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்குக் கட்டிங் இருபது நிமிடம். முதல் நாற்காலிக்காரரிடம் இரண்டு செட் கத்தரியும் சீப்பும் இருக்கின்றன. ஒருவர் எழுந்ததும் பயன்படுத்திய செட்டைப் பிரஷ்ஷால் தட்டி, கழுவி, மூடியுள்ள டப்பாவில் ஊறப் போடுகிறார். ஊறி முடிந்த மற்ற செட்டை எடுத்துத் துடைத்து அடுத்தவருக்கு ஆரம்பிக்கிறார். இருபது நிமிடம் கழித்து அவர் முடிக்கும்போது முதல் செட் பத்து நிமிடத்துக்கு மேலேயே ஊறியிருக்கும். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, வேலையும் நிற்கவில்லை.

இரண்டாவது நாற்காலிக்காரரிடம் ஒரே செட். ஒருவர் எழுந்ததும் சீப்பைத் துண்டில் துடைக்கிறார், கத்தரிக்கு ஒரு ஸ்பிரே அடித்து உடனே துடைத்துவிட்டு அடுத்தவர் தலையில் வைக்கிறார். இவர் எத்தனை நல்ல மருந்து வாங்கி வைத்திருந்தாலும் பலனில்லை, அதற்கு வேண்டிய பத்து நிமிடம் இவர் கையில் இல்லை. ஆகவே கடையில் நுழைந்ததும் ஒரு நாற்காலிக்கு எத்தனை சீப்பு, எத்தனை கத்தரி என்று எண்ணிவிடுங்கள். ஒரே செட் என்றால், கூட்ட நேரத்தில் அங்கே கருவிகள் சுத்தமாக இருக்க வழியே கிடையாது.

ஊறவைக்கும் கிண்ணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். டெட்டால் கலந்த தண்ணீர் இயல்பாகவே பால் நிறமாகும், அதை வைத்து அழுக்கு என்று சொல்லிவிட முடியாது. அடியில் முடி படிந்திருக்கிறதா, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது காலையிலிருந்து மாற்றாத தண்ணீர். ஒரு மக்கில் நாலு சொட்டு விட்டுச் சீப்பைப் பாதி மட்டும் நிற்க வைத்திருந்தால் அது காட்சிக்கு வைத்ததுதான், வெளியே நிற்கும் பாதியை மருந்து தொடவே இல்லை.

நம் மாவட்டங்களின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். சோப்பு நுரைக்காமல் திரியும், கத்தரியின் ஆணி மூட்டிலும் சீப்புப் பல்லின் அடியிலும் வெள்ளையாகப் பொறுக்குக் கட்டும். அந்த வெள்ளை உப்பு தனியாக ஆபத்தில்லை. அதற்குள் முடித்துணுக்கு ஒட்டிக் கறுத்திருந்தால், தேய்க்காமல் முக்கி எடுக்க மட்டுமே செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டியைக் கண்டு பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த ஒளி நேராக விழும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். மூடிய கத்தரியின் உள்பக்கத்துக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் சீப்புகளின் அடிப்பக்கத்துக்கும் அது போகாது. கழுவிய கருவியைத் தூசி படாமல் வைக்க நல்ல இடம், அவ்வளவுதான். கழுவாததை அப்படியே உள்ளே வைத்து எடுத்தால் கழுவாதது கழுவாததுதான்.

டிரிம்மரைத் தண்ணீரில் முக்க முடியாது. அதன் பற்களுக்கு நடுவே சிக்கும் முடித்துணுக்கில்தான் படர்தாமரையின் பூஞ்சைத் துகள் ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் அந்தத் துகளை நம்பகமாகக் கொல்வதில்லை. ஆகவே டிரிம்மரில் பிரஷ் போடுவதுதான் முக்கியமான வேலை. இயந்திரத்தை நிறுத்தி, தலைப்பகுதியைப் பிரஷ்ஷால் நன்றாகத் தட்டி, அதன் பிறகு மருந்து தெளித்து, உலரவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். ஜீரோ வைத்துத் தோலை ஒட்டி எடுக்கும்போது பற்கள் நேராகத் தோலில் உரசும் என்பதால் இதை விடக் கூடாது. கட்டிங் முடித்து நான்கு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பின்கழுத்தில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

படிகாரக் கல்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பிளேடுக்கு அடுத்து அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். ஷேவிங் முடிந்ததும் ஈரமான படிகாரக் கல்லை முகம் முழுக்கத் தேய்ப்பார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தத்தை நிறுத்த அழுத்திப் பிடிப்பார்கள். அதாவது முந்தைய ஆளின் திறந்த காயத்தில் பட்ட கல், கழுவாமல் உங்கள் காயத்தில் படுகிறது. புதிய பிளேடு போட்ட பலனெல்லாம் இங்கே போய்விடும். "படிகாரம் வேண்டாங்கண்ணா" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். சுத்தமான டிஷ்யூவை மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே சின்னக் கீறலில் ரத்தம் நின்றுவிடும். படிகாரம் பழகியவர்கள் நாட்டு மருந்துக் கடையில் சொந்தமாக ஒரு கல் வாங்கி டப்பாவில் போட்டு எடுத்துப் போகலாம்.

கழுத்துப் பட்டை

கழுத்தைச் சுற்றிக் கட்டும் மெல்லிய, இழுபடும் காகிதப் பட்டை சுருளாக வரும், ஆளுக்கு ஒன்று கிழித்துப் போடுவார்கள். போர்த்தும் துணியின் கழுத்துப்பகுதி தோலைத் தொடாமல் இருக்கத்தான் இது. நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து பேரின் வியர்வையும் முடியும் பட்ட ஓரம் அது. ஈரத் துணி கழுத்தில் உரசினால் முடிக்கால் வீக்கமும் படர்தாமரையும் வர இடமுண்டு.

சரியாகக் கட்டும் விதம் இது: முதலில் பட்டையைக் கழுத்தில் சுற்றி, அதன் மேல் துணியைக் கட்டி, பட்டையின் மேல் ஓரத்தைத் துணியின் மேல் மடித்துவிட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் துணிக்கு மேலே வெள்ளைப் பட்டை சுற்றிலும் தெரிய வேண்டும். பட்டையைக் கட்டிவிட்டுத் துணியை அதற்கும் மேலே ஏற்றி இறுக்கினால் பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். பின்கழுத்தை வழிக்கும்போது பட்டையை அவிழ்த்துவிடுவார்கள். வழித்து முடிந்ததும் அந்தத் துணியைத் திரும்ப மேலே ஏற்றக் கூடாது, ஏற்றினால் புதிதாகச் சிராய்த்த தோலில் அது நேராகப் படும். கடைசியில் கழுத்தைத் தட்டும் பவுடர் பிரஷ்ஷும் எல்லோருக்கும் பொதுவானதுதான். அதற்குப் பதில் டிஷ்யூவால் துடைக்கச் சொல்லலாம்.

சின்ன ஊர்க் கடைகளில் பட்டை இருக்காது. அதற்காகக் கடையை ஒதுக்க வேண்டாம். இரண்டாக மடித்த டிஷ்யூவோ, நீங்கள் கொண்டுபோகும் துவைத்த கைக்குட்டையோ அதே வேலையைச் செய்யும். பட்டை விலை குறைவு, கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். அதனால் சில கடைகள் பட்டையை மட்டும் புதிதாகப் போட்டு மற்றதைக் கண்டுகொள்வதில்லை. புதிய பட்டையும் பழைய பிளேடும் உள்ள கடையைவிட, பட்டையே இல்லாமல் ஆளுக்கொரு பிளேடு உடைக்கும் கடை எவ்வளவோ மேல்.

எப்போது, எப்படிச் சொல்வது

கத்தி கழுத்தில் இருக்கும்போது சொல்லக் கூடாது. துணி போர்த்தும் முன்பே, "அண்ணா, ஓரம் எடுக்கறதுக்கும் புது பிளேடு போட்டுடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். 'ஓரம் எடுக்கறதுக்கும்' என்று சேர்த்துச் சொல்வது முக்கியம், ஷேவிங்குக்குப் புதிது போடுகிறவர்களில் சிலர் கட்டிங் ஓரத்துக்குப் போடுவதில்லை. ஓசூர்ப் பக்கம் பல கடைகளில் வடமாநிலத்துப் பையன்கள் வேலை செய்கிறார்கள். "பையா, நயா பிளேடு" என்றால் போதும். சட்டைப் பையில் உறை பிரிக்காத பிளேடு ஒன்று வைத்திருந்து எடுத்துக் கொடுத்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், பெரியவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வாக்குவாதம் வேண்டாம். "பிளேடே வேண்டாங்கண்ணா, மெஷின்லயே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வேறு கடைக்குப் போங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால்

புதிய பிளேடு என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். பழைய பிளேடு என்று தெரிந்தால் காயத்தைப் பிதுக்காமல் அதேபோல் கழுவிவிட்டு, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, ஓசூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஊசியைச் சீக்கிரம் ஆரம்பித்தால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு அதிகம்.

வெட்டுப்படும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் வந்தது 2011-இல்தான், அதற்கு முன் பிறந்த பலருக்குப் போட்டிருக்காது. பெரியவர்களுக்கு மூன்று ஊசி: முதலாவது போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பலர் இரண்டோடு விட்டுவிடுகிறார்கள். வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலும், முதல் இரண்டு ஊசியின் தேதி எழுதிய அட்டை கையில் இருந்தால் மூன்றாவதை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.